கட்டத்துக்குள் எழுதியதைக் கணினி தப்பாகப் படிக்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பால் சங்கத்துக்காக இந்த வேலையைச் செய்தேன். தினமும் ஒரு தாள். அச்சிட்ட அட்டவணை, 25 வரிசை. வரிசை எண்ணை அச்சகத்திலேயே போட்டிருப்பார்கள். உறுப்பினர் எண்ணுக்கு 4 கட்டம், அடுத்து பெயர், பிறகு காலை லிட்டர், மாலை லிட்டர், மொத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் 3 கட்டம். மூன்றில் இரண்டு முழு லிட்டருக்கு, ஒன்று தசமத்துக்கு, நடுவில் அச்சிட்ட புள்ளி. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம்தான். இதைக் கைப்பேசியில் படம் எடுத்து, பைத்தானும் ஓபன்சிவியும் கொண்டு படித்து, எக்செல்லில் திறக்கும் கோப்பாகத் தர வேண்டும்.

முதலில் வந்த பிழைகளுக்கெல்லாம் இலக்கம் படிக்கும் நிரலைத்தான் திட்டினேன். பிறகு வெட்டிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக் கட்டங்களில் என் கண்ணுக்கே அது என்ன இலக்கம் என்று தெரியவில்லை. நிரலைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வெட்டிய கட்டங்களை, நிரல் சொன்ன விடைப்படி பிரித்து, பத்துத் தாள்களாக அடுக்கிப் பாருங்கள். நிரல் 0 என்று சொன்னவை ஒரு தாளில், 1 என்று சொன்னவை அடுத்த தாளில், இப்படி. 7 என்ற தாளில் இருக்கும் நூறு கட்டங்களை ஒரே பார்வையில் பார்த்தால் தப்பாக வந்து உட்கார்ந்தவை தாமாகவே கண்ணில் குத்தும். தவறு படிப்பதிலா, வெட்டுவதிலா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தாள் தாளாக வரிசைப்படி சரிபார்ப்பதைவிட இது பல மடங்கு வேகம்.

அறிகுறி: மேல் வரிசைகள் சரி, கீழே போகப் போக எல்லாம் நகர்ந்துவிடுகிறது

வெட்டிய கட்டத்தில் ஓர் இலக்கத்தின் கீழ்ப்பாதியும் அடுத்த வரிசை இலக்கத்தின் மேல்பாதியும் இருக்கும். காரணம், அட்டவணையின் உயரத்தை 25 ஆல் வகுத்து வெட்டியிருப்பீர்கள். படத்தில் வரிசைகள் ஒரே உயரத்தில் இருக்காது. கைப்பேசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே பக்கத்தில் இருக்கும் வரிசை பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் விழும். அது இல்லாவிட்டாலும், வரிசைக்கு அரை பிக்சல் கணக்குத் தப்பினால் 25ஆம் வரிசையில் 12 பிக்சல் நகர்ந்திருக்கும்.

முதலில் அட்டவணையின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்துப் படத்தை நேராக்குங்கள். அப்படி நேராக்கும்போது 1 மில்லிமீட்டருக்கு 10 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் பின்னால் எல்லாக் கணக்கும் சுலபம். எங்கள் அட்டவணை 168 மி.மீ. அகலம், 215 மி.மீ. உயரம், ஆக 1680க்கு 2150 பிக்சல். கட்டம் 7க்கு 8 மி.மீ., அதாவது 70க்கு 80 பிக்சல். சுற்றி 20 பிக்சல் ஓரம் விட்டேன், அதனால் எல்லா இடக் கணக்கோடும் 20 கூட்டிக்கொள்ள வேண்டும்.

```python
m = 20
dst = np.float32([[m, m], [1680+m, m],
                  [1680+m, 2150+m], [m, 2150+m]])
M = cv2.getPerspectiveTransform(np.float32(corners), dst)
flat = cv2.warpPerspective(img, M, (1680+2*m, 2150+2*m))
```

`corners` இடமேல், வலமேல், வலக்கீழ், இடக்கீழ் என்ற வரிசையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். அது உடனே தெரிந்துவிடுகிற பிழை என்பதால் கவலை இல்லை.

தட்டையான தாளுக்கு இது போதும். எங்களுடையது பைண்டு செய்த பதிவேடு. நடுவில் தாள் வளைந்திருக்கும். நான்கு மூலையையும் இழுத்துப் பிடித்தாலும் நடுவில் கோடுகள் வில்லாக வளையும். அதற்கு ஒவ்வொரு பத்தியையும் தனிப் பட்டையாக எடுத்துக்கொண்டு, கணக்குப்படி கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் 12 பிக்சலுக்குள் மை அதிகமாக இருக்கும் கிடைவரியைத் தேடினேன். அதுதான் உண்மையான கோடு.

```python
def snap(strip, y, r=12):
    prof = strip.sum(axis=1)
    seg = prof[y-r : y+r+1]
    return y - r + int(seg.argmax())
```

இங்கே `strip` என்பது மை 255, தாள் 0 என்று மாற்றிய கறுப்பு வெள்ளைப் படம். பட்டையின் அகலம் முக்கியம். ஒரே ஒரு கட்டத்தின் அகலத்துக்குத் தேடினால் 7இன் மேல்கோட்டைக் கட்டத்தின் கோடு என்று நினைத்துவிடும். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து 210 பிக்சல் அகலத்தில் தேடினால், 40 பிக்சல் நீளமுள்ள 7இன் கோடு அச்சுக்கோட்டோடு போட்டி போட முடியாது.

அறிகுறி: காலிக் கட்டத்தில் 1 வருகிறது

மாலையில் பால் ஊற்றாதவருக்கும் 11.1 லிட்டர். அட்டவணையின் பக்கக்கோடு கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, அதை நிரல் 1 என்று படிக்கிறது. நிரலைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். நெட்டுக்குத்தாக ஒரு கோடு, வேறு என்னவென்று சொல்லும்?

எளிய வழி, நான்கு பக்கமும் 6 பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுவது. பிறகு கட்டத்தில் எத்தனை மைப் பிக்சல் என்று எண்ணுங்கள். பந்துமுனைப் பேனாவின் கோடு சுமார் அரை மி.மீ., அதாவது 5 பிக்சல் தடிமன். 4 மி.மீ. உயரத்தில் ஒரு 1 எழுதினாலே ஏறக்குறைய 200 பிக்சல் வந்துவிடும். எனவே 60க்குக் கீழே இருந்தால் காலி என்று எடுத்துக்கொண்டேன். தூசி, மைத்துளி எல்லாம் இதில் விழுந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில காலிக் கட்டங்களில் 1 வந்தது. அடுக்கிப் பார்த்ததில் புரிந்தது: மேல் வரிசையில் எழுதிய 9இன் வால். அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், அதற்கு முன்னால் கோடுகளை ஒழித்தாக வேண்டும்.

அறிகுறி: 7 என்பது 1 ஆகிறது, 0 வாய் பிளக்கிறது, 5க்குத் தலை இல்லை

இது முந்தைய வைத்தியத்தின் பக்கவிளைவு. உள்ளே தள்ளி வெட்டும்போது கோட்டைத் தொட்டு எழுதிய இலக்கத்தின் நுனியும் போய்விடுகிறது. இன்னொரு வழியாக, நீளமான கோடுகளைக் கண்டுபிடித்துப் படம் முழுவதும் அழிக்கும் உத்தியை இணையத்தில் பல இடங்களில் பார்க்கலாம். அது அச்சுக்கோட்டின் மேலே குறுக்கே போகும் பேனாக்கோட்டையும் சேர்த்து அறுத்துவிடும். அறுந்த 0 ஒரு நேரம் 6 ஆகும், ஒரு நேரம் 2 ஆகும்.

அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி: எழுதியது நீலப் பேனாவா? அச்சு கறுப்பா? அப்படியென்றால் கோட்டை அழிக்கவே வேண்டாம். வண்ணப்படம் என்பது நீலம், பச்சை, சிவப்பு என்ற மூன்று நிற அடுக்குகள். நீல மை, நீல அடுக்கில் வெளிறியும் சிவப்பு அடுக்கில் அடர்ந்தும் இருக்கும். கறுப்புக் கோட்டுக்கும் வெள்ளைத் தாளுக்கும் இரண்டு அடுக்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நீல மை மட்டும் மிஞ்சும்.

```python
b, g, r = cv2.split(flat)
d = cv2.subtract(b, r)
_, ink = cv2.threshold(d, 0, 255,
             cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
```

கோடு, அச்சிட்ட தசமப்புள்ளி, வரிசை எண் எல்லாம் ஒரே அடியில் மறைந்துவிடுகின்றன. முதல்முறை பார்த்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. இதற்கு வேண்டியது வண்ணப்படம்; ஜெராக்ஸ் எடுத்து அதை ஸ்கேன் செய்தால் கதை முடிந்தது. கோடுகளின் இடத்தைத் தேடும் முந்தைய வேலைக்கு மட்டும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் கோடே இல்லையே.

கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. அங்கே அச்சுக்கோட்டின் தடிமனை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கள் தாளில் அச்சுக்கோடு 3 பிக்சல். கோட்டின் மேல் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே, ஒவ்வொரு புள்ளியிலும் மை மேலும் கீழும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளங்கள். 5 பிக்சலுக்குள் என்றால் அங்கே வெறும் கோடுதான், அழிக்கலாம். அதைவிட நீளம் என்றால் அந்த இடத்தில் பேனா கோட்டைக் கடக்கிறது, தொடாமல் விடுங்கள்.

```python
def erase_h(ink, y, x0, x1, t=5):
    for x in range(x0, x1):
        if not ink[y, x]:
            continue
        a = b = y
        while ink[a-1, x]: a -= 1
        while ink[b+1, x]: b += 1
        if b - a + 1 <= t:
            ink[a:b+1, x] = 0
```

பக்கக்கோட்டுக்கும் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். படத்தின் கடைசி வரி வரை மை ஓடினால் இந்த நிரல் எல்லை தாண்டித் தடுக்கி விழும்; அதனால்தான் அந்த 20 பிக்சல் ஓரம். ஒரே இடத்தில் மட்டும் இது தோற்கும்: 2இன் அடிக்கோட்டை அச்சுக்கோட்டின் மேலேயே அச்சுப் பதித்ததுபோல் இழுத்திருந்தால். அதற்கு மருந்து கிடையாது. ஒரு மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் படிவத்தையே அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், கோடுகளை வெளிர் சிவப்பில் அச்சடியுங்கள். படத்தின் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் கோடு தாளோடு தாளாக மறைந்துவிடும். நீலம், கறுப்பு இரண்டு மையும் தெளிவாக நிற்கும். ஆனால் சிவப்புப் பேனாவில் எழுதியதும் சேர்ந்து மறையும். சங்கத்தில் திருத்தங்களைச் சிவப்பில் போடும் வழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: இலக்கம் கட்டத்தைத் தாண்டி நிற்கிறது

விடிகாலையில், வரிசையில் ஆள் நிற்கும்போது எழுதுகிற கை கட்டத்துக்குள்ளேயே நிற்காது. 9இன் வால் கீழ்க்கட்டத்தில் தொங்கும், 5இன் கொடி பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்கும். கட்டத்தின் எல்லையில் கத்தரி வைத்தால் இங்கே இரட்டை நஷ்டம்: 9க்கு வால் போய் அது 0 ஆகும், கீழே இருக்கும் காலிக் கட்டத்துக்கு 1 கிடைக்கும்.

கோடுகள் ஒழிந்த பிறகு கட்டத்தை வெட்டாதீர்கள். மைத்துண்டுகளைப் பிரியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மை ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் மையப்புள்ளியும் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறதோ, துண்டு முழுவதும் அந்தக் கட்டத்துக்குச் சொந்தம்.

```python
n, lab, st, cen = cv2.connectedComponentsWithStats(ink, connectivity=8)
for i in range(1, n):
    x, y, w, h, area = st[i]
    if area < 15:
        continue
    owner[cell_at(*cen[i])].append(i)
```

`cell_at` என்பது முன்னால் கண்டுபிடித்த கோடுகளை வைத்து இடத்தைக் கட்டமாக மாற்றும் சின்ன நிரல். உங்கள் அட்டவணைக்கு ஏற்ப நீங்களே எழுத வேண்டும். 5ஐ இரண்டு இழுப்பாக எழுதுகிறவர்களின் மேல்கோடு தனித் துண்டாக நிற்கும். அதன் மையமும் பெரும்பாலும் அதே கட்டத்தில்தான் விழும் என்பதால் இரண்டும் ஒன்றுசேர்ந்துவிடும். காலியா இல்லையா என்ற 60 பிக்சல் கணக்கையும் இப்போது கட்டத்தில் அல்லாமல் சொந்தமான துண்டுகளில் போடுங்கள். 9இன் வால் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது.

ஒரு துண்டின் அகலம் 80 பிக்சலுக்கு மேல் என்றால் இரண்டு இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வரிசையையே அடித்துவிட்டார்கள். இதை நிரலைக்கொண்டு பிரிக்கப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கினேன். இப்போது அந்தக் கட்டத்தின் மேல் ஒரு குறி போட்டு மனிதரிடம் அனுப்பிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது, கண்ணால் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ‘இன்று இல்லை’ என்பதற்குச் சிலர் சின்னக் கிடைக்கோடு போடுவார்கள். உயரம் 15க்குள், அகலம் 25க்கு மேல் என்றால் அது கோடு, இலக்கமல்ல.

அறிகுறி: வெட்டிய படம் சுத்தம், விடை மட்டும் தப்பு

இப்போதுதான் படிக்கும் நிரலைக் குறை சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. டெசரேக்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் `--psm 10` என்று ஒற்றை எழுத்துக்கு மாற்றியும், `tessedit_char_whitelist=0123456789` என்று கட்டுப்படுத்தியும் பார்க்கலாம். ஆனால் அது அச்செழுத்துக்குப் பழக்கப்பட்டது. கையெழுத்து இலக்கத்துக்கு எம்னிஸ்ட் தொகுப்பில் பயின்ற சிறிய வகைப்படுத்தியே மேல்.

அதிலும் ஒரு பொறி. எம்னிஸ்டின் படங்கள் எப்படித் தயாரானவையோ அப்படியே நம் கட்டத்தையும் தயார் செய்ய வேண்டும். அங்கே கறுப்புப் பின்னணியில் வெள்ளை இலக்கம். இலக்கத்தை அகல உயர விகிதம் கெடாமல் 20க்கு 20 பிக்சலுக்குள் சுருக்கி, அதன் எடைமையம் நடுவில் வருமாறு 28க்கு 28 சட்டத்தில் வைத்திருப்பார்கள். பலரும் செய்யும் தவறு, வெட்டிய துண்டை நேரே 28க்கு 28 என்று இழுத்துவிடுவது. ஒல்லியான 1 சட்டம் முழுவதும் பரவித் தடித்த செங்கல்லாகிவிடும். அதை 8 என்றும் படிக்கும், 0 என்றும் படிக்கும். எல்லா 1களும் தப்பு, மற்றவை பரவாயில்லை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். சுருக்கும்போது `cv2.INTER_AREA` போடாவிட்டால் மெல்லிய கோடு புள்ளி புள்ளியாகச் சிதறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 1க்கும் 7க்கும் மட்டும் சண்டை தொடர்ந்தால் அது கைப்பழக்கம். எம்னிஸ்டில் எழுதியவர்கள் அமெரிக்கர்கள்: அந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர்களும் பள்ளி மாணவர்களும். அங்கே 1 பெரும்பாலும் ஒரு குச்சி. எங்கள் பதிவேட்டில் 1க்கு மேலே ஒரு கொக்கி, சில நாளில் அது நன்றாக நீண்டும் விடும். விடைப்படி அடுக்கிய அந்தப் பத்துத் தாள்களில் திருத்தம் போட்டு, அந்தக் கையெழுத்திலேயே சில நூறு இலக்கங்களைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுங்கள். பதிவேட்டை எழுதுவது இரண்டு மூன்று பேர்தான் என்பதால் கொஞ்சம் சேர்த்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

பெயர்ப் பத்தியைப் படிக்க முயலவே இல்லை. உறுப்பினர் எண் தெரிந்தால் பெயர் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் படித்தாயிற்று, எது தப்பு என்று தெரியவில்லை

படிவமே இதற்கு உதவும். 9ஆம் வரிசையை எடுத்துக்கொள்வோம். நிரல் தந்தது: உறுப்பினர் 0137, காலை 06.5, மாலை 09.0, மொத்தம் 10.5. தசமத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பத்தில் ஒரு லிட்டராக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், 0.1 வித்தியாசத் தொல்லை வராது. 65ம் 90ம் 155. தாளில் 105. வித்தியாசம் 50, அதாவது முழு லிட்டரின் ஒன்றாம் இடத்தில் 5. மாலையின் 9ஐ 4 என்று வைத்தால் கணக்கு நேராகிறது. அந்தக் கட்டத்துக்கு நிரலின் இரண்டாவது ஊகம் என்ன என்று பார்த்தேன்: 4. படத்தைத் திறந்தால் தலை மூடி எழுதிய 4. சரி, 04.0.

இப்படி ஒரே ஓர் இலக்கம் மாற்றினால் கணக்கு நேராகி, அந்த இலக்கம் நிரலின் இரண்டாவது ஊகமாகவும் இருந்தால் மட்டும் ‘பரிந்துரை’ என்று தனிப் பத்தியில் எழுதுகிறேன். நேராக மாற்றுவதில்லை. ஏனென்றால் எழுதியவரே கூட்டலில் தப்பியிருக்கலாம். காலையும் மாலையும் தெளிவாக இருந்து மொத்தம் மட்டும் ஒட்டாத வரிசைகளைச் சங்கத்தில் காட்டியபோது, சிலவற்றில் நிரல் படித்தது சரி, கூட்டல்தான் தப்பு. தாளில் இருப்பதைத் தாளில் இருக்கிறபடியே தருவதுதான் நம் வேலை; கணக்கை நேர்செய்வது அவர்கள் வேலை.

உறுப்பினர் எண்ணுக்குக் கூட்டல் சோதனை கிடையாது. அங்கே இரண்டு கேள்வி: அந்த எண் பட்டியலில் இருக்கிறதா, அதே நாளில் இரண்டு முறை வருகிறதா. 0137 என்பது 0131 ஆகிவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும். 0131 அன்று வராதவராக இருந்தால் மாட்டாது; பால் காசு வேறொருவர் கணக்கில் போய்விடும். அதனால் இந்த நான்கு கட்டத்துக்கு மட்டும், நிரலின் உறுதி கொஞ்சம் குறைந்தாலும் மனிதரிடம் அனுப்புகிறேன்.

அறிகுறி: கோப்பு சரி, எக்செல்லில் திறந்தால் 0137 என்பது 137

எக்செல் அதை எண் என்று நினைத்து முன் பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. இருமுறை தட்டித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகத் திறந்து அந்தப் பத்தியை உரை என்று குறிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்றால் நீங்களே `xlsx` கோப்பாகத் தந்துவிடுங்கள், அதில் பத்தியின் வகையும் சேர்ந்தே போகும். `csv`தான் வேண்டும் என்றால் எழுதும்போது `encoding="utf-8-sig"` என்று கொடுங்கள். இல்லாவிட்டால் பெயர்ப் பத்தியில் தமிழுக்குப் பதிலாகக் கிறுக்கல் வரும். காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், 0 போடாதீர்கள். மாலையில் வராதவரும், வந்து 0 லிட்டர் என்று பதிவானவரும் ஒருவரல்ல. பால் கெட்டுப்போய்த் திருப்பி அனுப்பினால் எங்கள் சங்கத்தில் 00.0 என்றுதான் எழுதுவார்கள்.